வாளியும் கரண்டியும் வைத்துப் பிள்ளைகளுக்குத் தாளம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிள்ளைகளை உட்கார வைத்துப் பக்திப் பாட்டுச் சொல்லிக்கொடுப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள் இவை. முன்னால் ஒருவர் ஓர் அடியைப் பாட, மற்றவர்கள் அதையே திருப்பிப் பாடும் வகைப் பாட்டுகளை மனத்தில் வைத்தே பதில்கள் எழுதப்பட்டிருக்கின்றன. தாளம் தவறுவது பெரும்பாலும் அங்கேதான்.

வீட்டில மிருதங்கம், டோலக்குன்னு எதுவும் இல்ல. எந்தப் பாத்திரத்தத் தட்டினா தாளம் நல்லா கேக்கும்?

சத்தம் சட்டென்று எழுந்து சட்டென்று அடங்குகிற பொருளாகப் பாருங்கள். எவர்சில்வர் தட்டையும் குடத்தையும்தான் எல்லாரும் முதலில் எடுப்பார்கள். ஆனால் அவை ‘ணங்ங்’ என்று இழுத்துக்கொண்டே இருக்கும். ஒரு தட்டின் ரீங்காரம் அடங்குவதற்குள் அடுத்த தட்டு விழுந்தால், எது எங்கே விழுந்தது என்று பிள்ளையின் காதுக்குப் பிரித்தறிய முடியாது. ஐந்தாறு பேர் சேர்ந்து தட்டினால் வெறும் இரைச்சல்தான் மிஞ்சும்.

பத்து லிட்டருக்கு மேல் கொள்ளும் பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்து வைத்தால் போதும். காலிப் பெயிண்ட் வாளி இன்னும் நல்லது. அதைத் தரையோடு தரையாகக் கவிழ்த்தால் காற்று உள்ளே அடைபட்டு ‘பொத்’ என்றுதான் ஒலிக்கும். விளிம்பின் ஒரு பக்கத்துக்கு அடியில் மடித்த துண்டை வைத்து இரண்டு விரல் உயரம் தூக்கிவிடுங்கள். இப்போது நடுவில் தட்டினால் ‘தும்’ என்று ஆழமாகவும், ஓரத்தில் விரல்நுனியால் தட்டினால் ‘தக்’ என்று கூர்மையாகவும் கேட்கும். பெரிய ஒலி, சின்ன ஒலி இரண்டும் ஒரே வாளியில் கிடைத்துவிடும்.

எவர்சில்வர் மூடிதான் வேண்டும் என்றால் மடித்த துண்டின் மேல் வைத்துத் தட்டுங்கள். ரீங்காரம் பாதிக்கு மேல் அடங்கிவிடும்.

எப்படித் தட்டச் சொல்றது? எங்க பையன் ஓங்கி அடிக்கிறான், கை வலிக்குதுங்கிறான்.

தட்டுவது என்பது கையைக் கீழே கொண்டுபோவது மட்டும் இல்லை, எடுப்பதும்தான். ஓங்கி அடிக்கும் பிள்ளையின் கையைக் கவனித்தால், பட்ட இடத்திலேயே ஒரு கணம் அழுந்தி நிற்கும். அந்த அழுத்தம் ஒலியையும் கொன்றுவிடும், அடுத்த தட்டையும் தாமதமாக்கும். சூடான தோசைக்கல்லைத் தொட்டுவிட்டு எடுப்பதுபோல் எடுக்கச் சொல்லுங்கள். உடனே புரிந்துகொள்வார்கள்.

வாளிக்கும் கைக்கும் இடையே ஒரு சாண் உயரம் போதும். உயரம் கூடினால் கை வந்து சேர நேரம் கூடும், ஒவ்வொரு தடவையும் அந்த நேரம் மாறவும் செய்யும். மரக்கரண்டியால் தட்டுவதாக இருந்தால் நுனியில் துணியைச் சுற்றி நூலால் கட்டிவிடுங்கள். மூடிய அறையில் வெறுங்கரண்டி எழுப்பும் சத்தம் காதை உறுத்தும், பாட்டையும் அமுக்கிவிடும்.

குலுக்குற டப்பாவில அரிசி எவ்வளவு போடணும்? எங்களது வெறும் ‘சொர சொர’ன்னுதான் கேக்குது.

அதிகமாகப் போட்டிருப்பீர்கள். மணிகள் ஒன்றாகப் பறந்து சுவரில் மோதினால்தான் தெளிவான ‘சக்’ பிறக்கும், அதற்கு உள்ளே வெற்றிடம் வேண்டும். 200 மில்லி டப்பாவுக்கு இரண்டு மேசைக்கரண்டி அரிசி சரியாக இருக்கும். எந்த டப்பாவானாலும் கால் பங்கைத் தாண்ட வேண்டாம். மூடியைச் சுற்றி நாடா ஒட்டிவிடுங்கள். சின்னஞ்சிறு பிள்ளைகள் இருக்கும் இடத்தில் மணி கொட்டினால் வாயில், மூக்கில் போட்டுக்கொள்வார்கள்.

இன்னொரு சிக்கல் பலர் கண்ணில் படுவதில்லை. டப்பாவை முன்னும் பின்னும் ஆட்டினால் ஒரு ஆட்டத்துக்கு இரண்டு ஒலி வரும். பிள்ளை ஒன்று என்று நினைத்து ஆட்டும், கேட்பவருக்கு இரண்டாக விழும், தாளம் இரட்டிப்பானதுபோல் தோன்றும். ஆட்ட வேண்டாம், டப்பாவை ஒரு கையில் பிடித்து மற்ற உள்ளங்கையில் தட்டச் சொல்லுங்கள். ஒரு தட்டுக்கு ஒரே ‘சக்’.

பாட்டுல ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு தட்டு தட்டுறாங்க. அது தாளம்தானே?

இல்லை, அது சொல்லின் நடை. சொற்கள் ஓர் இடத்தில் நெருங்கி வரும், ஓர் இடத்தில் இழுத்து நிற்கும். தாளம் அந்த இரண்டு இடத்திலும் ஒரே இடைவெளியில் விழ வேண்டும். பாடிக்கொண்டே தட்டும் பிள்ளை வாயைப் பின்பற்றித் தட்டுவது இயல்புதான். அதைத் தப்பு என்று திட்டினால் தட்டுவதையே நிறுத்திவிடும்.

பாட்டையும் தட்டையும் பிரித்துக் கொடுத்துவிடுங்கள். முதலில் நீங்கள் பாடுங்கள், பிள்ளைகள் வாய் திறக்காமல் நடக்கட்டும். கால் இயல்பாகவே சம இடைவெளியில்தான் விழும். நடை படிந்த பிறகு நின்ற இடத்திலேயே கால் மாற்றட்டும், அதன்பின் உட்கார்ந்து அதே இடத்தில் வாளியைத் தட்டட்டும். கடைசியாகத்தான் பாட்டைச் சேர்க்க வேண்டும். நான்கு வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் நடையோடு நின்றாலே போதும். அந்த வயதில் அடுத்தவர் தாளத்தோடு நெடுநேரம் ஒட்டி நிற்பது கஷ்டம்.

பாட்டு போகப் போக வேகம் ஏறிக்கிட்டே போகுது. ‘மெதுவா, மெதுவா’ன்னு கத்தினாலும் நிக்க மாட்டேங்குது.

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். வேகம் தட்டும்போது ஏறுவதில்லை, தட்டுக்கும் தட்டுக்கும் நடுவில் உள்ள சும்மா இருக்கும் நேரத்தில் ஏறுகிறது. அந்த நேரத்தில் கைக்கு வேலை இல்லை, பிள்ளைக்குப் பொறுமையும் இல்லை. கொஞ்சம் முன்னதாகவே கை இறங்கிவிடும். பக்கத்துப் பிள்ளை அதைக் கேட்டு இன்னும் கொஞ்சம் முந்தும். சத்தம் கூடினாலும் வேகம் சேர்ந்து ஏறும், அதனால்தான் கத்துவது எதிர்விளைவைத் தருகிறது.

இதற்கு மருந்து நம் தாளத்திலேயே இருக்கிறது. ஆதி தாளம் போடும்போது ஒரு தட்டு, மூன்று விரல் எண்ணிக்கை, பிறகு தட்டு வீச்சு, தட்டு வீச்சு என்று எட்டு எண்ணிக்கையும் நிரம்பும். சத்தமே இல்லாத வீச்சுக்கும் கைக்கு ஓர் அசைவு உண்டு. அதையே வாளிக்கும் கொண்டுவாருங்கள். ஒன்றில் வாளியைத் தட்டு, இரண்டில் கையைப் புரட்டி உள்ளங்கை மேலே தெரியும்படி காட்டு. மூன்றில் தட்டு, நான்கில் புரட்டு. வெற்று நேரம் என்று ஒன்று இல்லாமல் போகும்போது முந்துவதற்கும் இடம் இல்லாமல் போகிறது.

அப்படியும் ஏறினால் சத்தத்தைக் குறைக்கச் சொல்லுங்கள், வேகத்தைப் பற்றிப் பேசாதீர்கள். ஒரு விரலால் மட்டும் தட்டச் சொன்னால் ஒருவர் ஒலியை ஒருவர் கேட்கத் தொடங்குவார்கள், ஓட்டம் தானாகத் தணியும்.

உண்மையிலேயே வேகம் ஏறுதா, இல்ல எனக்குத்தான் அப்படித் தோணுதான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?

கடிகாரத்தில் பார்த்துவிடலாம். நான்கு அடிப் பாட்டு, அடிக்கு எட்டு எண்ணிக்கை, ஒவ்வோர் அடியையும் நீங்கள் ஒரு தடவை, பிள்ளைகள் ஒரு தடவை என்று வைத்துக்கொள்வோம். ஒரு சுற்றுக்கு 64 எண்ணிக்கை. நிமிடத்துக்கு 80 வேகத்தில் அது 48 விநாடி. முதல் சுற்றையும் மூன்றாம் சுற்றையும் அளந்து பாருங்கள். இரண்டு விநாடி வித்தியாசம் பரவாயில்லை. மூன்றாம் சுற்று 42 விநாடியில் முடிந்தால் வேகம் 91 ஆகிவிட்டது.

ஆனால் நேரம் குறைவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அடியின் சொற்கள் ஆறாம் எண்ணிக்கையில் முடிந்து, ஏழும் எட்டும் வெறுமையாக இருந்தால், பிள்ளைகள் எட்டை விழுங்கிவிட்டு அடுத்த அடிக்குத் தாவுவார்கள். வேகம் மாறவில்லை, எண்ணிக்கைதான் தொலைந்தது. இதைப் பிரித்தறிய நேரத்தோடு எண்ணிக்கையையும் சேர்த்துக் கணக்கு வையுங்கள். 42 விநாடியில் 64 எண்ணிக்கையும் இருந்தால் அது ஓட்டம், மேலே சொன்ன கைப்புரட்டல்தான் வழி. 45 விநாடியில் 60 எண்ணிக்கைதான் இருந்தது என்றால் வேகம் 80-லேயே நிற்கிறது, அடிமுனையில் நான்கு எண்ணிக்கை காணாமல் போயிருக்கிறது. அங்கே ‘ஏழு, எட்டு’ என்று எல்லாரும் வாய்விட்டுச் சொல்லட்டும். ஒரு வாரம் சொன்ன பிறகு அது முணுமுணுப்பாகும், பிறகு மனத்துக்குள் போய்விடும்.

நிமிஷத்துக்கு 80-ன்னு சொல்றீங்க. கருவி இல்லாம அத எப்படிப் பிடிக்கிறது?

ஒரு நூலும் ஒரு பூட்டும் போதும். நூலின் ஒரு முனையில் பூட்டைக் கட்டி, மறுமுனையைக் கதவுநிலையில் ஆணியில் தொங்கவிடுங்கள். தொங்கும் இடத்திலிருந்து பூட்டின் நடுப்பகுதி வரை 56 சென்டிமீட்டர் இருந்தால், ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போகும் ஒவ்வோர் ஊசலும் ஓர் எண்ணிக்கை. நிமிடத்துக்கு 80 வரும். 100 வேண்டுமென்றால் 36 சென்டிமீட்டர், 120-க்கு 25, நிதானமான 60-க்கு ஏறத்தாழ ஒரு மீட்டர். நூலைப் பாதியாக்கினால் வேகம் இரட்டிப்பாகாது, கால் பங்காக்கினால்தான் ஆகும். பூட்டு கனமா லேசா என்பது வேகத்தை மாற்றாது.

லேசாக, இருபுறமும் ஒரு கையகலத்துக்கு மேல் போகாமல் ஆட்டிவிடுங்கள். பூட்டுக்குப் பின்னால் சுவரில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, பூட்டு அந்தக் கோட்டைத் தாண்டும் கணத்தில் தட்டச் சொல்லுங்கள். ஓரத்தைப் பார்த்துத் தட்டினால் சரிவராது. அங்கே பூட்டு சற்றே தயங்கித் திரும்பும், எந்தக் கணம் என்று பிடிபடாது. நடுவில்தான் வேகமாகக் கடக்கும், கணம் கூர்மையாகத் தெரியும்.

ஊசல் தொடக்கத்துக்கு மட்டுமே. நான்கு சுற்று அதைப் பார்த்துத் தட்டிவிட்டு, ஐந்தாம் சுற்றில் பிள்ளைகளைத் திரும்பி உட்கார வைத்துவிடுங்கள். கண்ணுக்கு வேலை கொடுத்துக்கொண்டே இருந்தால் காது பழகாது.

மொபைல்ல மெட்ரோனோம் வெச்சுப் பழகலாமா?

பழகலாம். ஆனால் வாளிச் சத்தத்தில் அந்த ‘டிக்’ கேட்காது, கேட்கவேண்டும் என்று ஒலியைக் கூட்டினால் பிள்ளைகள் அதைவிடச் சத்தமாகத் தட்டுவார்கள். நீங்கள் மட்டும் காதில் மாட்டிக்கொண்டு வேகத்தைச் சரிபார்க்க அது உதவும்.

ரொம்ப மெதுவான பாட்டுல மட்டும் தாளம் குலையுது. வேகமான பாட்டு நல்லா வருது.

பிள்ளைகளுக்கு இயல்பாக வரும் வேகம் பெரியவர்களுடையதைவிட விரைவானது. 50-ல் ஓடும் பாட்டில் தட்டுக்கும் தட்டுக்கும் நடுவே ஒரு விநாடிக்கு மேல் காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்புதான் உடைகிறது. இடைவெளியைப் பாதியாக வெட்டிக் கொடுங்கள்: வாளியின் நடுவில் ‘தும்’, ஓரத்தில் ‘தக்’, மறுபடி ‘தும்’. கை 100-ல் ஓடும், பாட்டு 50-லேயே நிற்கும். ஓர் எச்சரிக்கை: ‘தக்’ எப்போதும் ‘தும்’மைவிட மெல்லியதாக இருக்க வேண்டும். இரண்டும் ஒரே கனத்தில் விழுந்தால் பாட்டே இரண்டு மடங்கு வேகத்துக்குத் தாவிவிடும்.

மூணு எண்ணிக்கைப் பாட்டுக்கும் இதே மாதிரிதானா?

வாளி அதேதான், அமைப்பு வேறு: ‘தும் தக் தக், தும் தக் தக்’. நாலு எண்ணிக்கைக்குப் பழகிய கை நான்காவதாக ஒரு ‘தக்’கைச் சேர்த்துவிடும். அதைத் தவிர்க்க ‘தகிட தகிட’ என்று வாயால் சொல்லிக்கொண்டே தட்டச் சொல்லுங்கள், ‘த’ விழும் இடத்தில் மட்டும் நடு. நாலுக்கு ‘தகதிமி’. பாட்டுத் தொடங்கும் முன் இந்தச் சொல்லை இரண்டு சுற்று சொன்னாலே எந்தக் கணக்கு என்று எல்லார் கையும் ஒத்துக்கொள்ளும்.

பாட்டு தட்டோட ஆரம்பிக்கல, தட்டு விழுந்த அப்புறம்தான் வார்த்தை வருது. அங்கதான் எல்லாரும் தடுமாறுறாங்க.

எடுப்பு தள்ளி வரும் பாட்டு அது, அனாகத எடுப்பு என்பார்கள். பிள்ளைகள் முதல் சொல்லையே முதல் தட்டு என்று எடுத்துக்கொள்வதால் பாட்டு முழுக்க அரை எண்ணிக்கை பிசகிவிடும். தட்டு விழும் கணத்தில் எல்லாரும் ‘ம்’ என்று வாய்மூடி ஒலி எழுப்பட்டும், அடுத்த கணம் சொல்லைத் தொடங்கட்டும். ‘ம்’மோடு சேர்த்து அது ஒரே சொல்போல ஆகிவிடும். சில நாளில் ‘ம்’மை மூச்சாக மாற்றிக்கொள்ளலாம். சொல் தட்டுக்கு முன்பே தொடங்குகிற பாட்டுகளும் உண்டு, அது அதீத எடுப்பு. அதற்கு முந்தின சுற்றை வெறும் தட்டாகத் தட்டிக் காட்டி, கடைசி எண்ணிக்கையில் தலையசைத்து உள்ளே இழுங்கள்.

அஞ்சு பிள்ளைங்க இருக்காங்க. யாருக்கு எதக் கொடுக்கிறது?

எல்லாரும் எல்லா எண்ணிக்கையும் தட்ட வேண்டாம். முன்பு சொன்ன அதே 64 எண்ணிக்கைப் பாட்டையே எடுத்துக்கொள்வோம். நடையில் பிசகாத பிள்ளைக்கு வாளி: ஒன்றிலும் ஐந்திலும் ‘தும்’. இருவருக்கு மரக்கரண்டி இரண்டிரண்டு: மூன்றிலும் ஏழிலும் ஒன்றோடொன்று தட்ட வேண்டும். ஒருவருக்கு அரிசி டப்பா: எட்டு எண்ணிக்கையும். ஆகச் சின்னப் பிள்ளைக்குத் துண்டின் மேல் வைத்த மூடி: ஒவ்வோர் அடியின் முதல் எண்ணிக்கையில் மட்டும். வாளியை நடுவில் உட்கார வையுங்கள், எல்லாருக்கும் அதே தூரத்தில் கேட்கும்.

முதல் நாள் பாட்டே வேண்டாம். வாளி மட்டும் நான்கு சுற்று, பிறகு டப்பா சேரட்டும், பிறகு கரண்டி, கடைசியில் மூடி. ஒவ்வொன்றும் சேரும்போது வாளிப் பிள்ளையின் முகத்தைப் பாருங்கள். திரும்பிப் பார்த்தால் அந்தக் கருவி சத்தமாக இருக்கிறது என்று அர்த்தம். இரண்டாம் நாள் நீங்கள் மட்டும் பாடுங்கள். மூன்றாம் நாள் திருப்பிப் பாடும் அடியை அவர்கள் எடுக்கட்டும். பாடத் தொடங்கியதும் கரண்டிப் பிள்ளைகள்தான் முதலில் நழுவுவார்கள். மூன்றும் ஏழும் சொல்லுக்கு நடுவில் விழும். அவர்கள் அன்று பாடாமல் தட்ட மட்டும் செய்யட்டும்.

மூடிதான் இந்த அமைப்பின் காவல்காரன். எண்ணிக்கை ஒன்று தொலைந்தால் மூடி தனியாக, பாட்டின் முதல் சொல்லைத் தப்பவிட்டு ஒலிக்கும். எந்த அடியில் தொலைந்தது என்று அந்த இடத்திலேயே தெரிந்துவிடும்.

ஒரே ஒரு பிள்ளை மட்டும் எப்பவும் பின்தங்கியே தட்டுது. என்ன செய்ய?

முதலில் கருவியை மாற்றிப் பாருங்கள். கனமான கரண்டியோ தள்ளி வைத்த வாளியோ கையைத் தாமதப்படுத்தும். இன்னும் பின்தங்கினால் அந்தப் பிள்ளை பக்கத்தில் இருப்பவரின் சத்தத்தைக் கேட்டபிறகு தட்டுகிறது என்று பொருள். கேட்டுத் தட்டினால் எப்போதும் பிந்தித்தான் ஆகும், எதிர்பார்த்துத் தட்ட வேண்டும். அதன் எதிரே உட்கார்ந்து உங்கள் கை மேலே எழுவதைக் காட்டுங்கள். கை எழும்போதே அதன் கையும் எழட்டும். எழுச்சி ஒன்றாக இருந்தால் விழுவதும் ஒன்றாகவே இருக்கும்.

நடுவுல விருத்தம் மாதிரி இழுத்துப் பாடுற இடம் வருது. அப்பவும் தட்டிக்கிட்டே இருக்கணுமா?

வேண்டாம். விருத்தத்துக்குத் தாளக்கட்டு இல்லை, அதன் கீழே தட்டினால் பாடுபவரைக் கட்டிப்போட்டதுபோல் ஆகும். எல்லாரும் கையை மடியில் வைக்கட்டும். விருத்தம் முடிந்ததும் நேரே பாட்டுக்குள் குதிக்காமல், வாளி மட்டும் எட்டு எண்ணிக்கை தட்டி வேகத்தைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். 80 வேகத்தில் அது ஆறு விநாடிதான். அடுத்த ஒன்றில் மூடி ஒலிக்கும்போது எல்லாரும் சேர்ந்துகொள்ளலாம்.